பூஜ்ய பில்லுக்குள் தொலையும் நூறு யூனிட்

மொட்டை மாடியில் சோலார் போட்ட வீடு. ஒரே பேனல், ஒரே வெயில். அதில் விளைந்த ஒரு யூனிட் 11 ரூபாய் 55 பைசாவை மிச்சப்படுத்துகிறது. அடுத்த மாதம் அதே பேனலில் விளைந்த இன்னொரு யூனிட் ஒரு பைசாவைக்கூட மிச்சப்படுத்துவதில்லை. இரண்டு யூனிட்டும் மீட்டரில் ஒழுங்காகப் பதிவானவை. மீட்டர் பழுதில்லை, ரீடிங் எடுத்த கணக்கீட்டாளரும் தவறு செய்யவில்லை. வீட்டு மின்கட்டணத்தின் படிநிலை விலையும், யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் நெட் மீட்டர் முறையும் சேரும் இடத்தில் இப்படித்தான் ஆகிறது.

பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்த பிறகு தமிழ்நாட்டில் தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது சோலார் பேச்சு நடக்கிறது. பேச்சு பெரும்பாலும் மானியத்தைப் பற்றியும் பேனல் கம்பெனியைப் பற்றியும்தான். பில்லில் கழிவு எப்படி நடக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. முதல் பில் வந்த பிறகே கேள்வி எழுகிறது. “ஆப்ல 760 யூனிட் காட்டுது, பில்லுல 600தான் இருக்கு, மீதி எங்க?” என்பது ஒன்று. “பில் பூஜ்யம்னு சந்தோஷப்பட்டேன், ஆனா கிரெடிட் ஏன் இவ்வளவு கம்மியா நிக்குது?” என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் எளிது. இரண்டாவதில்தான் விஷயம் இருக்கிறது.

மீட்டர் நிற்கும் இடம்

நெட் மீட்டர் உங்கள் வீட்டுக்கும் மின்வாரியத்தின் கம்பிக்கும் நடுவே, எல்லையில் நிற்கிறது. அந்த எல்லையைத் தாண்டி உள்ளே வருவதை அது இம்போர்ட் என்று எழுதிக்கொள்ளும். தாண்டி வெளியே போவதை எக்ஸ்போர்ட் என்று எழுதிக்கொள்ளும். எல்லையைத் தாண்டாத மின்சாரத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. மதியம் பேனல் மூன்று யூனிட் தருகிறது, அதே நேரம் உள்ளே ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஒரு யூனிட்டை எடுத்துக்கொள்கின்றன என்றால், மீட்டர் பார்ப்பது வெளியேறிய இரண்டு யூனிட்டை மட்டுமே. இன்வெர்ட்டரின் ஆப் காட்டுவது மொத்த உற்பத்தி. பில் காட்டுவது வீடு எடுத்துக்கொண்டது போக மிஞ்சியது. ஆப்பில் 760, பில்லில் 600 என்றால் நடுவில் உள்ள 160 காணாமல் போகவில்லை. பகலில் வீட்டுக்குள்ளேயே செலவாகிவிட்டது.

இதிலிருந்து ஒரு சின்னச் சமன்பாடு கிடைக்கிறது. இந்தக் கட்டுரையில் வரும் கணக்கெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது:

இம்போர்ட் − எக்ஸ்போர்ட் = வீட்டின் மொத்த நுகர்வு − பேனலின் மொத்த உற்பத்தி

இடப்பக்கம் மின்வாரியம் பில் போடும் எண். வலப்பக்கம் எந்த நேரத்தில் எவ்வளவு செலவு செய்தீர்கள் என்பதே இல்லை. சோலார் போட்டவர்களிடம் “வாஷிங் மெஷினைப் பகலில் போடுங்கள், மோட்டாரை மதியம் ஓட்டுங்கள், பில் குறையும்” என்று பலரும் சொல்கிறார்கள். யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் வீட்டு இணைப்பில் இதனால் பில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. பகலில் ஓட்டினால் இம்போர்ட்டும் எக்ஸ்போர்ட்டும் ஒரே அளவில் குறையும், இரவில் ஓட்டினால் இரண்டும் ஒரே அளவில் கூடும். வித்தியாசம் மாறாது. பகலில் ஓட்டினால் ஊர் டிரான்ஸ்பார்மருக்கும் மாலை நேரத் தேவைக்கும் நல்லது; செய்யலாம். அதைச் செய்தும் பில் குறையவில்லையே என்று குழம்ப வேண்டியதில்லை.

மும்முனை இணைப்புள்ள வீட்டில் ஒருமுனை இன்வெர்ட்டர் போட்டவர்களுக்கு வரும் கவலையையும் இதே சமன்பாடு தீர்க்கிறது. பேனல் ஒரு ஃபேஸில் தருகிறது, ஏ.சி. வேறு ஃபேஸில் ஓடுகிறது, அப்போது ஒரு பக்கம் ஏற்றி இன்னொரு பக்கம் இறக்குகிறோமே, நஷ்டமில்லையா என்று கேட்பார்கள். மூன்று ஃபேஸையும் கூட்டிக் கழித்து எழுதும் மீட்டரானாலும், தனித்தனியாக எழுதும் மீட்டரானாலும், இரண்டு மாத முடிவில் வித்தியாசம் ஒன்றே.

படி கணக்கும் பண கணக்கும்

பக்கத்து வீட்டில் கைமாற்றாக ஒரு படி அரிசி வாங்கினால் ஒரு படி அரிசியாகவே திருப்பிக் கொடுப்போம். வாங்கிய அன்று அரிசி என்ன விலை, கொடுக்கும் அன்று என்ன விலை என்று இருவரும் பார்ப்பதில்லை. தமிழ்நாட்டு வீடுகளுக்கான நெட் மீட்டர் இந்தப் படி கணக்குதான். கடைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் பண கணக்கு: வாங்கும் யூனிட்டுக்கு முழுக் கட்டணம், கொடுக்கும் யூனிட்டுக்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த, அதைவிடக் குறைந்த விலை.

இரண்டுக்கும் நடுவே தமிழ்நாடு ஊசலாடியிருக்கிறது. 2012ல் வந்த சூரியசக்திக் கொள்கையைத் தொடர்ந்து 2013ல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நெட் மீட்டர் முறையைக் கொண்டுவந்தது. 2019ல் வந்த புதிய கொள்கை அதைப் பண கணக்காக மாற்றியது. 2021ல் ஆணையம் புதிய விதிகளை வகுத்தபோது வீடுகளுக்கு மட்டும் யூனிட் கணக்கு திரும்பியது. எந்த ஆண்டில் எந்த விதியின்கீழ் ஒப்பந்தம் போட்டீர்கள் என்பது முக்கியம். ஒரே தெருவில் இரண்டு சோலார் பில்கள் வேறுவேறு விதமாக இருக்க இது ஒரு காரணம்.

யூனிட் கணக்கு வீட்டுக்காரருக்குச் சாதகமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது நேராக இருப்பது யூனிட்டின் விலை ஒன்றாக இருக்கும்போதுதான். தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் யூனிட்டுக்கு ஒரு விலை கிடையாது.

2024 ஜூலையில் உயர்த்தப்பட்ட விகிதத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 ரூபாய்ப் படியே காணாமல் போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.70. அதற்கு மேல் 8.40, 9.45, 10.50 என்று ஏறி, 1,000 யூனிட்டைத் தாண்டினால் 11.55.

மின்வாரியத்தின் கணினி முதலில் இம்போர்ட்டிலிருந்து எக்ஸ்போர்ட்டைக் கழிக்கிறது. முந்தைய சுற்றின் கிரெடிட் இருந்தால் அதையும் கழிக்கிறது. கழித்து வந்த எண்ணை எடுத்துக்கொண்டு, பிறகுதான் மேலே சொன்ன படிநிலைக்குள் நுழைகிறது. இந்த வரிசைதான் எல்லா விநோதங்களுக்கும் வேர். கழிவு எப்போதும் உச்சியிலிருந்து கீழ்நோக்கி இறங்குகிறது. முதலில் 11.55 ரூபாய் யூனிட்டுகளைத் தின்கிறது, பிறகு 10.50, பிறகு 9.45. கீழே வரவர ஒவ்வொரு யூனிட்டும் மதிப்பிழக்கிறது. 100க்குக் கீழே இறங்கியதும் மதிப்பு பூஜ்யம்.

ஒரு வீட்டின் இரண்டு சுற்று

சென்னைப் புறநகரில் 3 கிலோவாட் சோலார் போட்ட வீடு ஒன்றை வைத்துக்கொள்வோம். கணக்குக்காக நான் உருவாக்கிய வீடு. எண்கள் அப்படிப்பட்ட வீடுகளில் வழக்கமாக வருபவை. தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். ஏப்ரல், மே மாதங்களில் கொஞ்சம் கூடும், மேகம் வந்தால் குறையும்.

ஏப்ரல்–மே சுற்றில் வீட்டார் மே மாதம் முழுக்க சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். மொத்த நுகர்வு 480 யூனிட்தான். பேனல் தந்தது 760. அதில் 160ஐ வீடே பகலில் எடுத்துக்கொண்டது. எக்ஸ்போர்ட் 600, இம்போர்ட் 320. இம்போர்ட்டைவிட எக்ஸ்போர்ட் 280 அதிகம். பில் பூஜ்யம், கிரெடிட் 280.

ஜூன்–ஜூலை சுற்றில் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். கத்திரி முடிந்தும் சென்னையில் வெக்கை தணியவில்லை. இரண்டு ஏ.சி.யும் ஓடின. நுகர்வு 1,210. வானம் அடிக்கடி மூடியதால் உற்பத்தி 700. எக்ஸ்போர்ட் 440, இம்போர்ட் 950. வித்தியாசம் 510 யூனிட்.

சோலார் இல்லாமல் 1,210 யூனிட்டுக்கு வந்திருக்கக்கூடிய பில் 9,295 ரூபாய் 50 பைசா. இந்தச் சுற்றின் உற்பத்தியைக் கழித்து, பழைய கிரெடிட்டைத் தொடாமல் விட்டால் 510 யூனிட்டுக்கு 2,124 ரூபாய். அதாவது 700 யூனிட் உற்பத்தி 7,171 ரூபாய் 50 பைசாவை மிச்சப்படுத்தியிருக்கிறது. யூனிட்டுக்குச் சராசரியாகப் பத்தேகால் ரூபாய். சோலார் தன் முழு வலிமையைக் காட்டும் இடம் இது.

இப்போது கிரெடிட்டைக் கழிப்போம். அதன் முதல் 10 யூனிட் 510ஐ 500 ஆக்குகிறது. 500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய். பத்தே பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய் மிச்சம். காரணம், 500 என்ற கோட்டுக்குக் கீழே வந்ததும் மறைந்திருந்த 2.35 ரூபாய்ப் படி மறுபடி முளைக்கிறது. அதுமட்டும் 235 ரூபாய். மீதமுள்ள 84 ரூபாய், பத்து யூனிட்டின் 8.40 விலை. கிரெடிட்டில் மிச்சமுள்ள 270 யூனிட் பில்லை 500லிருந்து 230 யூனிட்டுக்கு இறக்குகிறது. 230 யூனிட்டுக்கு 376 ரூபாய். அந்த 270 யூனிட்டும் சேர்ந்து மிச்சப்படுத்தியது 1,429 ரூபாய், யூனிட்டுக்கு ஐந்தே கால் ரூபாய்க்குச் சற்று மேல்.

ஆகவே 280 யூனிட் கிரெடிட்டின் மொத்த மதிப்பு 1,748 ரூபாய். மோசமில்லை. ஆனால் ஏப்ரல்–மே சுற்றுக்குத் திரும்பிப் போய் அங்கே விளைந்த 760 யூனிட்டும் எங்கெங்கே போயின என்று பிரித்துப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும். 480 யூனிட் நுகர்வுக்கு சோலார் இல்லாமலே வந்திருக்கும் பில் 1,679 ரூபாய். அந்த நுகர்வை 480லிருந்து 100க்கு இறக்கிய 380 யூனிட்டுகளே இந்த 1,679 முழுவதையும் மிச்சப்படுத்திவிட்டன. 280 யூனிட் கிரெடிட்டாகப் போய்ச் சேர்ந்தது. நடுவில் 100 யூனிட் இருக்கிறது. அது நுகர்வை 100லிருந்து பூஜ்யத்துக்கு இறக்கியது. அந்த 100 யூனிட்டுக்கு பில் ஏற்கெனவே பூஜ்யம்தான். இலவசமாகக் கிடைக்க வேண்டிய மின்சாரத்துக்கு அந்த வீடு தன் சோலார் யூனிட்டைக் கொடுத்து அடைத்திருக்கிறது.

அந்த நூறு யாருக்குப் போகிறது

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற சலுகை 2016ல் வந்தது. வருமானம் பார்க்காமல் எல்லா வீட்டு இணைப்புக்கும் பொருந்தும் சலுகை அது. மின்வாரியம் அதைத் தன் கையிலிருந்து தரவில்லை. மின்சாரச் சட்டம் 2003ன் 65ஆம் பிரிவுப்படி, மாநில அரசு எந்தப் பிரிவினருக்காவது கட்டணச் சலுகை தர விரும்பினால் அதற்கான தொகையை மின்வாரியத்துக்குக் கொடுத்தாக வேண்டும். பில்லாகும் யூனிட்டுக்குத்தான் மானியம் கணக்காகும். பில்லான யூனிட் பூஜ்யம் என்றால் அந்த வீட்டுக்காக அரசு தர வேண்டிய மானியமும் பூஜ்யம்.

அந்த 100 யூனிட் அந்த வீட்டுக்காரரின் பையிலிருந்து நழுவி, அரசின் மானியச் செலவைக் குறைக்கிறது. பக்கத்து வீட்டில் சோலார் இல்லை. அவர் 480 யூனிட் செலவழித்து முதல் 100ஐ இலவசமாகப் பெறுகிறார். சொந்தப் பணத்தில் பேனல் போட்டவர் அந்தச் சலுகையைத் தன் உற்பத்தியால் அடைக்கிறார். ஏப்ரல்–மே சுற்றில் கழிவு 100 யூனிட்டில் நின்றிருந்தால் கிரெடிட் 280க்குப் பதில் 380 ஆகியிருக்கும். ஜூன்–ஜூலை பில் 376 ரூபாய்க்குப் பதில் 70 ரூபாய் 50 பைசாவாக வந்திருக்கும். வித்தியாசம் 305 ரூபாய் 50 பைசா. ஒரு சுற்றுக்கு இது சிறிய தொகை. ஆண்டுக்கு ஆறு சுற்றும் பூஜ்ய பில் வாங்கும் வீட்டில் 600 யூனிட். ஒரு கிலோவாட் பேனல் ஆண்டில் தருவது ஏறக்குறைய 1,450 யூனிட் என்பதை நினைத்தால், அதில் ஐந்து மாத விளைச்சல் இது.

எதிர்வாதமும் இருக்கிறது. நெட் மீட்டர் என்பதே, வாங்கியதிலிருந்து கொடுத்ததைக் கழித்து மிஞ்சியதை மட்டும் நுகர்வு என்று கொள்ளும் ஏற்பாடு. அப்படிப் பார்த்தால் அந்தச் சுற்றில் அந்த வீடு மின்வாரியத்திடமிருந்து எதையும் நுகரவில்லை; நுகராத மின்சாரத்துக்கு இலவசம் எப்படித் தருவது? விதியின் எழுத்துப்படி இதில் பிழையில்லை. என் பார்வையில் இது நியாயமில்லை. இரவு எட்டு மணிக்கு அந்த வீட்டில் எரிந்த விளக்கு மின்வாரியத்தின் கம்பியிலிருந்து வந்த மின்சாரத்தில்தான் எரிந்தது. 320 யூனிட் இம்போர்ட் என்று மீட்டரே சொல்கிறது. மற்ற எல்லா வீட்டுக்கும் அந்த இம்போர்ட்டில் முதல் 100 இலவசம் என்றால் இந்த வீட்டுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். கழிவை 100 யூனிட்டில் நிறுத்தி மிச்சத்தைக் கிரெடிட்டாக எடுத்துச் செல்ல, புதிய மீட்டர் தேவையில்லை, புதிய கம்பி தேவையில்லை. பில் போடும் மென்பொருளில் கழிவின் வரிசையை மாற்றினால் போதும். அதற்கு ஆணையத்தின் ஓர் உத்தரவு வேண்டும். கட்டணத்தை மாற்றும்போதெல்லாம் ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. சோலார் போட்ட வீட்டுக்காரர்கள் அங்கே இந்த ஒரு வரியை வைக்கலாம்.

எத்தனை கிலோவாட் என்ற கேள்வி

இந்த விநோதம் முதலில் அடிப்பது சோலார் வாங்கும் முடிவைத்தான். விற்பனைக்கு வருபவர் வழக்கமாகப் போடும் கணக்கு இது: 3 கிலோவாட், இரண்டு மாதத்துக்கு 720 யூனிட், யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தால் 5,760 ரூபாய் மிச்சம். மானியமும் இந்த அளவை நோக்கியே இழுக்கிறது. சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய். மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் மொத்தம் 78,000. முழு மானியத்தையும் வாங்கிவிடுவோமே என்று மூன்றில் போய் நிற்கிறார்கள்.

ஒவ்வொரு சுற்றும் 480 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். அந்த வீட்டின் மொத்த பில்லே 1,679 ரூபாய். 5,760 ரூபாயை அங்கே எப்படி மிச்சப்படுத்துவது? ஒன்றரை கிலோவாட் போட்டால் 360 யூனிட் விளையும். பில்லில் நிற்பது 120 யூனிட், 47 ரூபாய். இரண்டு கிலோவாட் போட்டால் 480 விளையும்; பில் பூஜ்யம். கூடுதலான அரை கிலோவாட்டுக்குக் கிடைத்த பலன் ஒரு சுற்றுக்கு 47 ரூபாய், ஆண்டுக்கு 282. மூன்று கிலோவாட் போட்டாலும் பில் அதே பூஜ்யம்தான். ஒவ்வொரு சுற்றிலும் 240 யூனிட் கிரெடிட் ஏறிக்கொண்டே போகும், அதைச் செலவழிக்க ஒரு சுற்றும் வராது. கிரெடிட் காலத்துக்கும் கூடவே வருவதில்லை. ஆண்டுக் கணக்கைத் தீர்க்கும்போது மிஞ்சி நிற்பது, நீங்கள் கட்டும் கட்டண விலைக்கு ஈடாவதில்லை.

வீட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்க்க, கடந்த ஆறு பில்களையும் எடுத்து ஆண்டு நுகர்வைக் கூட்டுங்கள். அதிலிருந்து 600ஐக் கழியுங்கள். வரும் எண்ணை 1,450ஆல் வகுங்கள். 480 யூனிட் வீட்டுக்கு 2,880 கழித்தல் 600, அதாவது 2,280. வகுத்தால் ஒன்றரை கிலோவாட்டுக்குச் சற்று மேல். இதைத் தாண்டிப் போட நியாயமான காரணங்கள் உண்டு. அடுத்த ஆண்டு இன்னொரு ஏ.சி. வரப்போகிறது, மின்சார ஸ்கூட்டர் வாங்கப்போகிறோம் என்றால் தாராளமாகப் போடலாம். ஏற்கெனவே 1,000 யூனிட்டைத் தொடும் வீடுகளுக்கு மூன்று கிலோவாட்டின் ஒவ்வொரு யூனிட்டும் வலுவான விலையைத் தரும். நடுத்தர நுகர்வு வீடுகள்தான் இதில் ஏமாறுகின்றன.

பில் உண்மையிலேயே தப்பாக வந்தால்

கணக்கின் விநோதம் வேறு, தவறு வேறு. தவறுகளில் பெரியது, நெட் மீட்டர் வரும் முன்பே சோலாரை ஓட விடுவது. பேனல் மாட்டிய கையோடு இன்வெர்ட்டரை ஆன் செய்துவிட்டு, “மீட்டர் வர நாளாகும் சார், அதுவரை வீட்டுக்கு ஓடட்டும்” என்று சொல்லிப் போகும் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். பழைய மின்னணு மீட்டர்கள் பலவற்றில், மின்சாரம் எந்தத் திசையில் போனாலும் நுகர்வாகவே கூட்டும் அமைப்பு உண்டு. மீட்டரைத் திருப்பி மாட்டி ஏமாற்றுவதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. அந்த மீட்டர் வழியாக நீங்கள் வெளியே அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டும் உங்கள் தலையில் செலவாக ஏறும். சோலார் போட்ட முதல் பில் இரு மடங்காக வந்தது என்று சொல்பவர்கள் முதலில் இந்தத் தேதிகளைப் பார்க்க வேண்டும்: இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கிய நாள் எது, மீட்டர் மாற்றிய நாள் எது.

புதிய மீட்டர் சரியாக எழுதுகிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். நல்ல வெயிலில், நடுப்பகலில், வீட்டுக்குள் உள்ள எல்லாச் சுமையையும் அணையுங்கள். மெயின் சுவிட்சைத் தொடாதீர்கள். மின்வாரியத்தின் இணைப்பு துண்டிக்கப்பட்டால் இன்வெர்ட்டர் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும்; லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு அடிக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. கரண்ட் போனால் சோலாரும் நிற்பது இதனால்தான். சுமையை அணைத்த பிறகு மீட்டரின் திரையைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். சில மீட்டர்களில் இம்போர்ட் 1.8.0 என்றும் எக்ஸ்போர்ட் 2.8.0 என்றும் வரும். எக்ஸ்போர்ட் எண் ஏற வேண்டும், இம்போர்ட் எண் அசையக்கூடாது. இரண்டும் ஏறினால் அல்லது இம்போர்ட் மட்டும் ஏறினால் படம் எடுத்துக்கொண்டு பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள்.

அடுத்தது ரீடிங். கணக்கீட்டாளர் வரும் நாளில் இரண்டு எண்களையும் நீங்களும் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. இம்போர்ட்டும் எக்ஸ்போர்ட்டும் இடம் மாறி ஏறுவது, எக்ஸ்போர்ட்டை எடுக்காமல் விடுவது, கதவு பூட்டியிருந்ததால் சராசரி போடுவது என்று பில்லில் நேரும் பிழைகளுக்கு அந்தப் படமே ஆதாரம். ஆப்பில் உள்ள மொத்த உற்பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போர்ட் ஒருபோதும் அதைவிட அதிகமாக இருக்க முடியாது. இருந்தால் எண்கள் இடம் மாறியிருக்கின்றன. உற்பத்தியிலிருந்து எக்ஸ்போர்ட்டைக் கழித்து இம்போர்ட்டைக் கூட்டினால் வீட்டின் உண்மையான நுகர்வு வரும். அது போன ஆண்டு இதே மாதத்து பில்லோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும்.

கடைசியாக, முந்தைய பில்லின் முடிவில் நின்ற கிரெடிட், இந்த பில்லின் தொடக்கத்தில் அதே எண்ணாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். மீட்டர் மாற்றும்போதும் பெயர் மாற்றும்போதும் இந்த எண் விட்டுப்போக வாய்ப்பு அதிகம். விட்டுப்போனது தெரியாமலே ஆண்டுக் கணக்கு முடிந்துவிட்டால் பிறகு மீட்பது கடினம்.

மணிக்கு ஒரு விலை வந்தால்

இன்றைக்குக் காலை பத்து மணிக்குக் கொடுத்த யூனிட், இரவு பத்து மணிக்கு வாங்கிய யூனிட்டுக்கு முழுதாக ஈடாகிறது. இந்த ஏற்பாடு இப்படியே நீடிக்கும் என்று நம்பி இருபத்தைந்து ஆண்டுக் கணக்குப் போடுவது ஆபத்து. ஒன்றிய அரசு 2023 ஜூனில் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. ஸ்மார்ட் மீட்டர் வந்ததும், விவசாயம் தவிர்த்த மற்ற இணைப்புகளுக்கு நேரத்துக்கு ஒரு கட்டணம் என்பது அந்தத் திருத்தத்தின் திசை. வெயில் நேரத்தில் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் மலிவு, உச்ச நேரத்தில் அதிகம். விதி டெல்லியிலிருந்து வந்தாலும், அதை வீடுகளுக்கு எப்போது, எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதை அந்தந்த மாநில ஆணையம்தான் முடிவு செய்யும்.

அப்போது எழும் கேள்வி, பகல் யூனிட்டை எந்த யூனிட்டுக்கு எதிராகக் கழிப்பது என்பதே. பகல் யூனிட்டைப் பகல் யூனிட்டோடு மட்டும் கழிப்போம் என்று விதி வந்தால், மாலையில் ஏ.சி. ஓட்டும் வீடு, பகலில் எவ்வளவு ஏற்றியிருந்தாலும் மாலைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்கும். பகலில் வாஷிங் மெஷின் போடுங்கள் என்ற அறிவுரை அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பலிக்கும். 2025ல் மகாராஷ்டிரத்தில் புதிய கட்டண ஆணையையொட்டி இதே வாக்குவாதம் நடந்தது; மாடியில் பேனல் போட்டவர்கள் தங்கள் பகல் உற்பத்தியின் மதிப்பு சரியும் என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

தமிழ்நாட்டில் இலவச நூறு, 500 என்ற மேடு, படிநிலை விலை ஆகிய மூன்றும் இருக்கும்போதே அதன்மேல் மணிக்கணக்கும் வந்து சேர்ந்தால், கழிவின் வரிசை இன்னும் சிக்கலாகும். எந்த நேரத்து யூனிட்டில் இலவச நூறைக் கழிப்பது, 500 என்ற மேட்டை எந்த எண்ணை வைத்து அளப்பது என்பதையெல்லாம் யாராவது உட்கார்ந்து எழுதியாக வேண்டும். ஆணையம் வரைவு விதியை வெளியிட்டுக் கருத்துக் கேட்கும் நாளில், சோலார் போட்டவர்கள் கிலோவாட்டையும் மானியத்தையும் விட்டுவிட்டு, கழிவு எந்த வரிசையில் நடக்கும் என்று சொல்லும் அந்த ஒரு பத்தியை முதலில் தேடிப் படிக்க வேண்டும்.